பெரியப்பாவும் 109-ஆம் குறளும்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டேன். பெரியப்பா மகள் அக்காவின் கல்யாணத்துக்குப் போகமாட்டேன், மாப்பிள்ளைக்கு மாலை போட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாய். யாருக்கும் சொல்லாமல் தாத்தாவின் நிலத்துப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டாய். கடைசியில் "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" என்று குறளையும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

இதைப் போனில் பேசினால் பாதியிலேயே இரண்டு பேர் குரலும் உயர்ந்துவிடும். இங்கே மஸ்கட்டில் இன்று வெள்ளிக்கிழமை, வேலை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் ஆறியபிறகு படி, ஆறாவிட்டாலும் படி.

நீ சொன்னது செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 110. அதற்கு நேர் முன்னால் இருப்பது 109. மேடையில் ஏறினால் 108-ஐச் சொல்வார்கள், கோபம் வந்தால் 110-ஐச் சொல்வார்கள். நடுவில் இருக்கிற 109-ஐ வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது குறைவு. எனக்கோ அந்த அதிகாரத்திலேயே அதுதான் பெரிய குறள்.

கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த
ஒன்றுநன்று உள்ளக் கெடும்.

நம்மைக் கொன்றுபோட்டதற்குச் சமமான தீமையை ஒருவர் செய்தாலும், அவர் முன்பு நமக்குச் செய்த ஒரே ஒரு நன்மையை நினைத்தால் போதும், அந்தத் தீமை இல்லாமல் போய்விடும். அவ்வளவுதான் பொருள். பொறுத்துக்கொள் என்றோ, மன்னித்துவிடு என்றோ இதில் ஒரு சொல்லும் இல்லை. இப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்று மட்டும் வள்ளுவர் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

அதற்குள் போவதற்கு முன்னால், நீ சொன்ன 110-ஐப் பற்றி ஒரு வார்த்தை. நான் அனுப்பிய பணத்தில் பெரியப்பா டிராக்டர் வாங்கினார், அக்கா காலேஜ் படித்தாள், அதையெல்லாம் மறந்துவிட்டு இப்படிச் செய்துவிட்டார் என்பது உன் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் வரிசையாக ஒருமுறை படித்துப் பார். எல்லாமே உதவி வாங்கியவனைப் பார்த்துச் சொன்னவை. வாங்கியவன் அதை எவ்வளவு பெரிதாக நினைக்க வேண்டும், எவ்வளவு காலம் நினைக்க வேண்டும், மறந்தால் அவன் கதி என்ன என்றுதான் போகிறது. உதவி செய்தவன், 'நான் செய்தேனே, எங்கே பதிலுக்கு' என்று கேட்பதற்கு அந்தப் பத்தில் ஓர் அடிகூட இடமில்லை. 105-ஆம் குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: உதவியின் அளவு செய்த உதவியைப் பொறுத்தது இல்லை, அதைப் பெற்றவருடைய சால்பைப் பொறுத்தது.

ஆகவே 110-ஐ ஒருவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரைச் சுட்டிச் சொல்ல அது எழுதப்படவில்லை என்பது என் துணிபு. பெரியப்பா நம்மிடம் நன்றியோடு இருக்கிறாரா என்பது அவர் பாடு. நாம் அவருக்கு நன்றிப்பட்டவர்களா, அதை என்ன செய்தோம் என்பது நம் பாடு.

சரி, 109-க்கு வருகிறேன். இதைத் தனியாக எடுத்துப் படித்தால், யாரோ நடக்க முடியாத ஒன்றைச் சொல்கிறார் என்று தோன்றும். முந்தின குறளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 108 உனக்கு மனப்பாடம்: "நன்றி மறப்பது நன்றன்று நன்றல்லது அன்றே மறப்பது நன்று." ஒருவர் செய்த நன்மையை மறக்காதே, செய்த கெடுதலை அன்றைக்கே மறந்துவிடு. முதல் பாதி புரிகிறது. இரண்டாம் பாதியில்தான் எல்லோருக்கும் இடிக்கிறது. அன்றைக்கே எப்படி மறப்பது? மறக்க வேண்டும் மறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அதுதான் மேலே மேலே வந்து நிற்கும். மறதி நாம் கூப்பிட்டு வருகிற ஆள் இல்லை.

வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அடுத்த குறளில், மறப்பது என்ற பேச்சையே விட்டுவிட்டு, 'உள்ள' என்கிறார். உள்ளுதல் என்றால் நினைத்தல். மறப்பது நம் கையில் இல்லை, நினைப்பது நம் கையில் இருக்கிறது. கெடுதலோடு மல்லுக்கட்டாதே, அதை அப்படியே விட்டுவிட்டு, அதே மனுஷன் செய்த நல்லது ஒன்றை எடுத்து நினை என்று வழி காட்டுகிறார். நினைப்பதுதான் உன் வேலை. கெடுவது தானாக நடக்கும்.

நான் இதைச் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பரிமேலழகர் உரையிலேயே இருக்கிறது. 109-க்குப் பொருள் சொல்லிவிட்டு, தினையளவு நன்மையையும் பனையளவாகக் கொள்வார்கள் ஆதலால் அந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று காரணம் காட்டுகிறார். பிறகு, நன்றல்லது அன்றே மறக்கும் திறம் இங்கே கூறப்பட்டது என்று முடிக்கிறார். 108 என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது, 109 எப்படிச் செய்வது என்று சொல்கிறது. அந்த உரையைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த இரண்டு குறளும் ஒட்டிக்கொண்டன.

அவர் காட்டுகிற தினையும் பனையும் 104-ஆம் குறளில் வருபவை. அதன் கணக்கைக் கொஞ்சம் கவனி. நம் வழக்கமான கணக்கு கூட்டல் கழித்தல். அவர் நல்லது இவ்வளவு செய்தார், கெட்டது இவ்வளவு செய்தார், கழித்தால் மிச்சம் கெட்டதுதான், ஆகவே உறவு வேண்டாம். குறளில் அந்தக் கழித்தலே நடப்பதில்லை. ஒருபக்கம் கொலைக்குச் சமமான தீமை, இன்னொரு பக்கம் எண்ணிக்கையில் ஒன்றே ஒன்றான நன்மை. ஒன்றுதான் ஜெயிக்கிறது. நாலடியாரில் இதற்குத் துணையாக ஒரு பாட்டு உண்டு. ஒரு நன்மை செய்தவர் பின்னால் நூறு பிழை செய்தாலும் சான்றோர் பொறுப்பார்கள், கயவர்களுக்கோ எழுநூறு நன்மை செய்து ஒன்று தப்பிப்போனால் அந்த எழுநூறும் தீமையாகிவிடும் என்று அது சொல்கிறது. யார் எவ்வளவு செய்தார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை. எண்ணிப் பார்ப்பவன் யார் என்பதுதான் பேச்சு.

இனி நம் விஷயம். பெரியப்பா செய்த அந்த ஒன்று என்ன என்று உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நாங்களும் வீட்டில் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். எனக்கு முதல் விசா வந்திருந்தது. மீதிப் பணத்தை இரண்டு நாளில் கட்டினால்தான் டிக்கெட், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். தாத்தா கையில் பணமில்லை. நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. அப்போது நாங்கள் ஒரே வீடு என்றாலும் பெரியப்பா தனியாகக் குத்தகை நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பா அறுவடை முடிந்து அவருடைய நெல் களத்தில் கிடந்தது.

அறுவடைச் சமயத்தில் விற்கிறவனுக்குத்தான் விலை ரொம்பக் குறைவு என்பது உனக்கே தெரியும். காயவைத்து, பத்தாயத்தில் போட்டு, நாலு மாதம் பொறுத்து விற்றால் கூடக் கிடைக்கும். பெரியப்பா அந்த வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தார். அதற்கடுத்துப் பெரியம்மாவுக்குப் பிரசவம் வேறு இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் நெல்லில் நாலு மணி எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்று விலையைக் குறைத்தார். பதர் என்று இன்னும் கொஞ்சம் குறைத்தார். பெரியப்பா பேரம் பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எல்லா மூட்டையும் எடை போட்ட பிறகும் தொகை கொஞ்சம் குறைந்தது. பெரியப்பா வீட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். தாழ்வாரத்து மூலையில் விதைக்கென்று தனியாக எடுத்து, நொச்சி இலை போட்டுக் கட்டி வைத்திருந்த மூட்டைகளைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்தார். விதை நெல் என்பது என்னவென்று விவசாய வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சத்திலும் அதில் கை வைக்க மாட்டார்கள். தாத்தா திண்ணையிலிருந்து, "டேய், அது விதைடா" என்றார். பெரியப்பா, "விதையை ஒன்றுக்கு ஒன்றரையாய்க் கடன் வாங்கிக்கலாம்பா, இவனுக்கு விசா அப்படி வராது" என்றார். சொன்னபடியே அடுத்த பருவத்துக்கு வேறு வீட்டில் விதை கடன் வாங்கி, விளைந்ததும் ஒன்றரைப் பங்காகத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கூடுதல் அரைப் பங்கைப் பற்றி இன்றுவரை என்னிடம் வாய் திறந்ததில்லை. பிற்பாடு நான் அனுப்பிய பணமெல்லாம் தனி. அது இந்த விதைக்குப் பதில் என்று அவரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

இப்போது மறுபக்கம். நீ பட்டாவைத்தான் பெரிய குற்றமாகச் சொல்கிறாய். எனக்குப் பட்டது அது இல்லை. தாத்தா இறந்தபோது லீவு கிடைக்காமல் நான் இங்கே இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்தை உன் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பங்காளிகள் நடுவில் பெரியப்பா, "வெளிநாட்டுக் காசு இருக்கிறவனுக்கு இங்கே மண் எதுக்கு? அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவனுக்குப் பங்கு என்ன?" என்றார். போன் வழியாக நான் கேட்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கொன்றன்ன இன்னா என்று வள்ளுவர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ராத்திரி தூங்க முடியவில்லை. அவர் சொன்ன வார்த்தைக்கு நான் என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனசு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தது. 'ஆயிரம்தான் இருந்தாலும் அண்ணன்', 'அவர் அடிப்படையில் நல்ல மனுஷன்' என்றெல்லாம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஏனென்றால் மனசு உடனே, நல்ல மனுஷனா, அப்படியென்றால் இப்படிப் பேசுவானா என்று திருப்பிக் கேட்கிறது. பொதுவாகச் சொல்கிற எதுவும் அந்த இடத்தில் நிற்காது. குறளில் 'ஒன்றுநன்று' என்று இருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நடந்த ஒன்று வேண்டும். நாளும் இடமும் உள்ள ஒன்று, நாம் கண்ணால் பார்த்த ஒன்று.

அப்புறம்தான் விதை மூட்டையை நினைத்தேன். சும்மா 'உதவி செய்தார்' என்று நினைக்கவில்லை. அவர் தோளில் மூட்டை இருந்த விதம், சட்டையில் ஒட்டியிருந்த நொச்சிச் சருகு, தாத்தா அதட்டியது, இவர் சொன்ன பதில் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்போது ஒன்று நடந்தது. அவர் பதினாறாம் நாள் சொன்னது மறந்துபோகவில்லை. இப்போதுகூட ஒரு சொல் விடாமல் உனக்கு எழுதியிருக்கிறேன், பார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பதில் தேடுகிற வேலையை மனசு நிறுத்திவிட்டது. என்னிடமிருந்து எதையும் பிடுங்க நினைத்தவர் என்று அவரை முழுசாக எழுதிவிட முடியவில்லை, விதையைக் கொடுத்தவரும் அவரேதான். கெடும் என்று வள்ளுவர் சொல்வது இதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நடந்தது நடக்காமல் ஆகிவிடாது. நமக்குள் அது செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோகும்.

ஒருமுறை நினைத்தால் தீர்ந்தது என்றும் எண்ணாதே. பட்டா மாறிய சேதியை நீ சொன்னபோது எனக்கு மறுபடி கொதித்தது. மறுபடி அதே மூட்டையை எடுத்து வைத்தேன். இது நிஜமாக நடக்கிறதா, வெளிக்கு நல்லவனாக நடிக்கிறோமா என்று சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. அவருக்கு ஏதாவது நஷ்டம் என்று கேள்விப்பட்டால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்பேன். போன மழையில் அவர் வயல் சாய்ந்துவிட்டது என்று அம்மா சொன்னபோது, எத்தனை மா போச்சு என்று பதறித்தான் கேட்டேன். கொஞ்சமாவது இனித்திருந்தால் இன்னும் கெடவில்லை என்று பொருள்.

இந்தக் குறளுக்கு ஓர் எல்லை உண்டு. 'அவர்செய்த' என்று இருக்கிறது. ஒரு நன்மையும் செய்யாமல் தீமை மட்டும் செய்த ஆளைப் பற்றி இது பேசவில்லை. அவர்களுக்குப் பொறையுடைமை இருக்கிறது, இன்னாசெய்யாமை இருக்கிறது. அந்த வழி வேறு, இதைவிடக் கடினம். பெரியப்பா விஷயத்தில் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நினைக்க ஒன்று இருக்கிறது. நீயே தேடினால் இன்னும் கிடைக்கும். எனக்கு விசாவுக்கு விதையை விற்றது என் பங்கு, உன் பங்குக்கு நீ பார்த்தது எது என்று நீதான் எடுக்க வேண்டும். நான் எடுத்துக் கொடுத்தால் அது உனக்கு வேலை செய்யாது.

நீ கேட்கப்போகிற அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அப்படியென்றால் நிலத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா? இல்லை. இதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்த அதிகாரம் நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் காரணத்தைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நடுவுநிலைமை எங்கே சிதையும் என்றால், நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்மையை நினைக்கும்போது சிதையும், அங்கேயும் சிதையக்கூடாது என்பதற்காகத்தான் அதை இதன் பின்னால் வைத்தார் என்கிறார். நன்றியைச் சொல்லி முடித்த கையோடு, நன்றிக்காக நியாயத்தை வளைக்காதே என்று அடுத்த பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார் வள்ளுவர்.

அந்த நிலம் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதவில்லை. அப்படியானால் அப்பாயி, பெரியப்பா, நான், அத்தை நாலு பேருக்கும் சமபங்கு. பட்டா ஒருவர் பேருக்கு மாறிவிட்டதாலேயே நிலம் அவருடையது ஆகிவிடாது. என் பங்கை மட்டும் என்றால் விதை நெல்லை நினைத்து நான் விட்டுக்கொடுக்கலாம், அது என் விருப்பம். அத்தை பங்கையும் அப்பாயி பங்கையும் என் நன்றிக்கு விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அத்தை அந்த வீட்டில் பிறந்த பெண், அவளிடம் யாரும் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. அதனால் பட்டா மாற்றத்தை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் போட்ட மேல்முறையீடு அப்படியே நடக்கட்டும். தேவைப்பட்டால் பாக வழக்கும் போடுவோம். இதைப் பெரியப்பாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். "போடுடா" என்றார். கோபமாகத்தான் சொன்னார். மறைக்காமல் சொன்னதில் எனக்கு நிம்மதி.

இனிமேல் செய்ய வேண்டியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே அம்மாவையும் அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போய்விடு. அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, மாப்பிள்ளை அழைப்பில் மச்சானாக நீதான் நிற்க வேண்டும். மாலையை நல்ல கதம்பமாக நீயே சொல்லிக் கட்டி வாங்கு. மாப்பிள்ளை வீட்டார் போடுகிற மோதிரத்தைச் சந்தோஷமாகப் போட்டுக்கொள். பெரியப்பா பட்டா பேச்சை எடுத்தால், "அதை ஆபீசில் பேசிக்கலாம் பெரியப்பா, பந்தியில் ஆள் பத்தலை, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. பங்காளிகளில் யாராவது உன்னைத் தூண்டிவிடப் பார்ப்பார்கள், அவர்களுக்குப் பதில் வேண்டாம்.

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு நோட்டீஸ் வந்தால் போட்டோ எடுத்து அன்றைக்கே எனக்கும் அத்தைக்கும் அனுப்பு. தாத்தாவின் கிரயப் பத்திரம் பீரோவில் மேல்தட்டில் மஞ்சள் பையில் இருக்கிறது, நகல் எடுத்து வை. மொய்ப் பணம் இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து அனுப்புகிறேன், என் பேரில் எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா